முதல் பெட்டியில் என்ன எழுதுவது?

பொது மருத்துவம் படிக்கும் மாணவர்கள் பலரின் வெள்ளைக் கோட்டுப் பையில், நான்காக மடித்த ஒரு தாள் இருக்கும். ரத்தத்தில் சோடியம் குறைந்தவரைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று, படித்த குறிப்புகளையெல்லாம் ஒரே பாய்வுப்படமாக அவர்களே வரைந்து வைத்திருப்பார்கள். தாளின் மேல்பெட்டியில் 'வால்யூம்?' என்ற ஒரே கேள்வி. அதாவது உடலில் உப்புநீர் இருப்பு எப்படி இருக்கிறது என்பது. அதிலிருந்து மூன்று அம்புகள் கிளம்பும். நோயாளி வற்றிப்போயிருந்தால் இடப்பக்கம். வாந்தி, பேதி, நீர் பிரியச் செய்யும் மாத்திரை. வீங்கியிருந்தால் வலப்பக்கம், இதயம், கல்லீரல், சிறுநீரகம். இரண்டும் இல்லையென்றால் நடுவே, எஸ்.ஐ.ஏ.டி.எச்., அதாவது தேவையே இல்லாதபோதும் நீரை உடலிலேயே நிறுத்திவைக்கும் ஹார்மோன் சுரப்பது. ஒவ்வொரு கிளைக்கும் கீழே சில பரிசோதனைகள். எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு மையில் ஒரு கட்டம்: 'ஒரு நாளில் 8க்கு மேல் ஏற்றாதே.'

இந்தத் தாளை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பல வருடங்களாக நானே இதை வரையச் சொல்லி மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இதில் எது மேலே இருக்கிறது, எது அடியில் இருக்கிறது என்பதில் எனக்கு ஆழமான மனக்குறை உண்டு. மருத்துவரின் கண்ணும் கையும் மிக எளிதில் ஏமாறும் கேள்வியை இது முதலில் வைக்கிறது. முதல் நிமிடத்திலிருந்தே கூடவே ஓட வேண்டிய எச்சரிக்கையைக் கடைசியில் வைக்கிறது.

வகுப்பில் நான் சொல்லும் ஒரு நோயாளியைக் கொண்டே இதைப் பார்க்கலாம். பலரிடம் பார்த்ததைச் சேர்த்து ஒருவராக்கியது. ஊரூர் ஒல்காட் குப்பத்தில், அடையாறு கடலில் கலக்கும் பக்கம் வீடு. வயது 66, எடை 48 கிலோ. காலையில் கரைக்கு வரும் மீனை வாங்கி, பெசன்ட் நகர்ப் பக்கம் உட்கார்ந்து விற்பவர். மூன்று மாதத்துக்கு முன் ஒரு முகாமில் ரத்த அழுத்தம் அதிகம் என்று கண்டுபிடித்து, தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மருந்து ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை அது. அதில் ஒன்று ஹைட்ரோகுளோரோதயாசைடு. மே மாத வெயில். போன வாரம் இரண்டு நாள் பேதி, பிறகு நின்றுவிட்டது. இப்போது குமட்டல், தள்ளாட்டம், அரைத் தூக்கம். மகள் கைத்தாங்கலாகக் கூட்டி வருகிறார். "ரெண்டு நாளா ஒரு மாதிரி பேசறாங்க டாக்டர். கேட்டதையே கேக்கறாங்க."

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அந்த அம்மாவைக் கேட்டால், கொஞ்சம் யோசித்துப் பதில் வருகிறது. "உப்பே சேர்க்காதன்னு சொன்னாங்க சார். கருவாட்ட உட்டுட்டேன். கஞ்சிதான். வெயிலுக்குத் தண்ணி நெறைய குடிக்கிறேன்."

ரத்தத்தில் சோடியம் 112 மில்லிமோல். இயல்பு 135க்கு மேல். பொட்டாசியம் 2.7, அதுவும் குறைவு. சர்க்கரை 104. யூரியா 18.

இப்போது தாளை விரித்து முதல் பெட்டியைக் கேட்போம்: இவர் வற்றியிருக்கிறாரா, இயல்பாக இருக்கிறாரா? கால் வீக்கம் இல்லை, அதனால் வலப்பக்க அம்பு போயிற்று. மீதி இரண்டில் எது? நாக்கு உலர்ந்திருக்கிறது, ஆனால் அரைத் தூக்கத்தில் வாயைத் திறந்தே மூச்சு விடுகிறார். தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கிறது; ஐம்பது வருடம் வெயிலில் காய்ந்த 66 வயதுத் தோல் எப்போதும் அப்படித்தான் நிற்கும். படுத்தபடி ரத்த அழுத்தம் 118க்கு 70. எழுப்பி நிறுத்திப் பார்க்கலாம் என்றால் நிற்க முடியவில்லை. ஒரு மாணவர் 'வற்றியிருக்கிறார்' என்பார், இன்னொருவர் 'இல்லை' என்பார். இரண்டு பேரும் கவனமாகப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

இது அனுபவக் குறைவு அல்ல. 1987இல் அமெரிக்காவில் சுங்கும் அவருடைய கூட்டாளிகளும் இதையே அளந்து பார்த்தார்கள். சோடியம் குறைந்த நோயாளிகளை மருத்துவர்கள் படுக்கையருகில் பார்த்து வால்யூம் என்னவென்று எழுதினார்கள். பிறகு உப்புநீர் ஏற்றி, அதற்கு உடல் எப்படிப் பதில் சொன்னது என்பதை வைத்து விடையைச் சரிபார்த்தார்கள். உண்மையாகவே வற்றியிருந்தவர்களில் பாதிப் பேரைக்கூட மருத்துவர்கள் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை. அதே ஆய்வில், சிறுநீரில் உள்ள சோடியத்தின் அளவு இரண்டு கூட்டத்தையும் நன்றாகவே பிரித்துக் காட்டியது. வற்றிய உடலின் சிறுநீரகம் உப்பைக் கஞ்சத்தனமாகப் பிடித்துக்கொள்ளும். வற்றாத உடல் தாராளமாக வெளியே விடும். கைக்குத் தெரியாதது ஒரு சிறு குப்பிச் சிறுநீரில் தெரிகிறது.

தவறான அம்பைப் பிடித்தால் விளைவு சாதாரணமானதல்ல. எஸ்.ஐ.ஏ.டி.எச். உள்ள ஒருவரை வற்றியவர் என்று நினைத்து நார்மல் சலைன் ஒரு லிட்டர் ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் கரைந்திருப்பது ஏறக்குறைய 300 மில்லி ஆஸ்மோல். அவருடைய சிறுநீரகமோ லிட்டருக்கு 600 என்ற அடர்த்தியில்தான் சிறுநீரை வெளியே விடும். அப்படியானால் நாம் கொடுத்த உப்பு முழுவதையும் அரை லிட்டரிலேயே வெளியேற்றிவிட்டு, மீதி அரை லிட்டர் வெறும் தண்ணீரை உள்ளே நிறுத்திக்கொள்ளும். சலைன் ஏற்ற ஏற்ற சோடியம் இறங்கும். மாறாக, உண்மையாகவே வற்றியவரை எஸ்.ஐ.ஏ.டி.எச். என்று முடிவுகட்டித் தண்ணீரைக் குறைக்கச் சொன்னால், ஏற்கெனவே வற்றியவரை இன்னும் வற்ற வைக்கிறோம்.

2014இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி இந்த வரிசையைத் தெரிந்தே மாற்றியது. முதலில் சர்க்கரை போன்ற பொய்க் காரணங்களை விலக்கு. (சர்க்கரை 500 இருக்கும் ஒருவருக்கு சோடியம் 128 என்று வந்தால், ஏறிய ஒவ்வொரு நூறு சர்க்கரைக்கும் 1.6 கூட்டிப் பார்க்க வேண்டும். அவருடைய உண்மையான கணக்கு 134 சொச்சம்.) அடுத்து, சிறுநீரின் ஆஸ்மொலாலிட்டி 100க்குக் கீழா மேலா? கீழே என்றால் சிறுநீரகம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. தண்ணீர் மிதமிஞ்சி உள்ளே போயிருக்கிறது, அல்லது சாப்பாட்டில் உப்பும் புரதமும் மிகக் குறைவு. மேலே என்றால் சிறுநீர் சோடியம் 30க்குக் கீழா மேலா? இவையெல்லாம் கேட்ட பிறகுதான் அந்தப் படத்தில் வால்யூம் வருகிறது. அளக்க முடிந்தது மேலே, ஊகிக்க வேண்டியது கீழே. எனக்கு இந்த வரிசையில்தான் நம்பிக்கை.

ஆனால் இந்தப் படமும் நம் அம்மாவிடம் தடுமாறும். அவர் சிறுநீர் ஆஸ்மொலாலிட்டி 390, சோடியம் 48. '30க்கு மேல், அதனால் வற்றவில்லை' என்று அவசரமாகச் சொல்லிவிடலாம். தயாசைடு மாத்திரையின் வேலையே சிறுநீரில் உப்பை வெளியே தள்ளுவதுதான். மாத்திரை உள்ளே இருக்கும்வரை உடல் வற்றியிருந்தாலும் அந்த எண் உயர்ந்தே நிற்கும். அதனால்தான் அந்த வழிகாட்டி 30க்கு மேல் போகும் அம்பின் நடுவில் ஒரு கேள்வியை மறிக்க வைத்திருக்கிறது: நீர் பிரியும் மாத்திரை உண்டா? சிறுநீரக நோய் உண்டா? மாணவர்கள் தங்கள் தாளுக்குச் சுருக்கும்போது முதலில் உதிர்வது இந்தக் கேள்விதான். அது அம்பின் மேல் தொங்கும் கேள்வி, பெட்டி அல்ல. பெட்டி இல்லாதது நினைவில் நிற்பதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. படம் கிளை பிரிந்தே ஆக வேண்டும். நோயாளி பிரிய மாட்டார். இந்த அம்மாவிடம் மாத்திரை இருக்கிறது, போன வாரப் பேதி இருக்கிறது, உப்பில்லாத கஞ்சி இருக்கிறது, வெயிலுக்குக் குடித்த தண்ணீர் இருக்கிறது. கருவாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு எழுதும் 'உப்பைக் குறை' என்ற வரியை, கடற்கரை வெயிலில் வியர்த்து ஊற்றும் ஒருவரிடம் அப்படியே சொன்னால், அவர் சாப்பாட்டில் உப்பும் புரதமும் சேர்ந்து வந்த ஒரே பண்டம் போய்விடுகிறது. தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்ற, அதோடு கரைந்து போக ஏதாவது வேண்டும். கஞ்சியில் அது போதாது. நான்கு காரணங்களும் சேர்ந்துதான் 112. மூன்று கிளைப் படத்தில் இவருக்கென்று ஒரு இடம் கிடையாது.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, படம் செய்யும் ஒரு பெரிய நன்மையையும் சொல்லியாக வேண்டும். அது கையைத் தடுக்கிறது. சோர்ந்து வந்த வயதானவரைப் பார்த்ததும் ட்ரிப்ஸ் போடுவது நம் ஊரில் பழக்கம். நோயாளியின் வீட்டாரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஒரு பாட்டில் சலைன் உள்ளே போன பிறகு பிடிக்கும் சிறுநீரின் சோடியம், நோயைப் பற்றி எதுவும் சொல்லாது. நாம் ஏற்றியதைத்தான் திருப்பிச் சொல்லும். படத்தில் 'சிறுநீர் சோடியம்' என்று ஒரு பெட்டி இருப்பதால்தான் ஒரு டியூட்டி டாக்டர் ட்ரிப்ஸுக்கு முன் ஒரு குப்பியை நீட்டுகிறார். அப்படியானால் அதை இவ்வளவு கீழே வைப்பானேன்? என் மாணவர்களின் தாளில் முதல் பெட்டி இப்போது இதுதான்: 'சிறுநீர் பிடித்தாயிற்றா?' இரவில் ஆஸ்மொலாலிட்டி பார்க்க லேபில் வசதி இல்லையென்றாலும் குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுக் காலையில் அனுப்பலாம். பிடிக்காமல் விட்டது திரும்பக் கிடைக்காது.

நடுக் கிளையைப் பற்றி ஒன்றே ஒன்று. எஸ்.ஐ.ஏ.டி.எச். என்பது மற்றவற்றையெல்லாம் விலக்கிய பிறகு சூட்டும் பெயர். கார்டிசாலும் தைராய்டும் பார்க்காமல் அந்தப் பெயரைச் சூட்டக்கூடாது. கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்குப் பிட்யூட்டரி சுரப்பி பழுதாகி, வருடங்கள் கழித்து சோடியக் குறைவாகத் தலைகாட்டுவது நம் நாட்டில் தெரிந்த விஷயம். பாம்பு கடித்ததுண்டா என்ற கேள்வி எந்தத் தாளிலும் இல்லை.

இனி அந்தச் சிவப்புக் கட்டத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

சோடியம் மெல்ல இறங்கும்போது மூளையின் செல்கள் வீங்காமல் தப்பிக்க ஒரு வழி செய்துகொள்கின்றன. தமக்குள் இருக்கும் பொட்டாசியத்தையும் சில கரிமப் பொருள்களையும் வெளியே விட்டுவிடுகின்றன. இரண்டு நாளில் அந்த ஏற்பாடு முடிந்துவிடும். அதன் பிறகு நாம் சோடியத்தைச் சடாரென்று ஏற்றினால், விட்ட பொருள்களை அதே வேகத்தில் திரும்பச் சேர்க்க அவற்றால் முடியாது. செல்கள் சுருங்குகின்றன, நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைகிறது. மூளைத்தண்டில் நிகழும் இந்தச் சிதைவை 1959இல் ஆடம்ஸும் அவருடைய கூட்டாளிகளும் முதலில் எழுதினார்கள். அவர்கள் பார்த்தவர்கள் குடியாலும் ஊட்டக்குறைவாலும் நலிந்தவர்கள். கொடுமை என்னவென்றால், நோயாளி முதலில் தேறுவார். கண் திறப்பார், பேசுவார், வீட்டார் மகிழ்வார்கள். இரண்டு நாளிலிருந்து ஆறு நாளுக்குள் பேச்சு குழறும், விழுங்க முடியாது, கைகால் தளரும். ஆரம்ப நாட்களில் எம்.ஆர்.ஐ.கூட இயல்பாக இருக்கலாம்.

சரி, நம் அம்மாவுக்கு என்ன செய்கிறோம்? அரைத் தூக்கத்தில் இருப்பதால் 3 சதவீத சலைன் 100 மில்லி. மாத்திரையை நிறுத்துகிறோம். பொட்டாசியம் 2.7 என்பதால் பொட்டாசியம் குளோரைடு சிரப், வேளைக்கு 15 மில்லி, நான்கு வேளை. வற்றலைச் சரிசெய்ய நார்மல் சலைன் நிதானமாக ஒரு லிட்டர். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் தவறு இல்லை. இப்போது கூட்டிப் பார்க்கலாம். 48 கிலோ எடையுள்ள வயதான பெண்ணின் உடலில் தண்ணீர் சுமார் 22 லிட்டர். 3 சதவீத சலைன் 100 மில்லி, சோடியத்தை ஏறக்குறைய 1.8 ஏற்றும். நார்மல் சலைன் ஒரு லிட்டரும் ஏறக்குறைய அவ்வளவே. நான்கு வேளை சிரப்பில் 80 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. அது சோடியத்தை 3.5 அளவுக்கு ஏற்றும்.

மாணவர்கள் நிமிர்ந்து உட்காரும் இடம் இதுதான். பொட்டாசியம் கொடுத்தால் சோடியம் ஏன் ஏற வேண்டும்? உள்ளே போகும் பொட்டாசியம் செல்லுக்குள் நுழைகிறது. அதற்கு ஈடாக அங்கிருந்த சோடியம் ரத்தத்துக்கு வருகிறது. சோடியத்தின் கணக்கில் ஒரு மில்லிமோல் பொட்டாசியம் ஒரு மில்லிமோல் சோடியத்துக்குச் சமம். இரண்டு வேளை சிரப் கொடுப்பதும் 3 சதவீத சலைன் 100 மில்லி ஏற்றுவதும் ஒன்றுதான். 3 சதவீத சலைனுக்குப் பயந்து நடுங்கும் ஒரு டியூட்டி டாக்டர், சிரப்பை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் எழுதிவிட்டுப் போவார். அவர் தாளில் அந்த வரி இல்லை.

மூன்றையும் கூட்டினால் 7.1. இந்த அம்மா பொட்டாசியம் குறைந்தவர், ஊட்டம் குறைந்தவர். அதனால் அவருக்கு நாளொன்றுக்கு உச்சவரம்பு 8. சிறுநீரகம் இன்னும் வாயே திறக்கவில்லை. அதற்குள் எல்லை பக்கத்தில் வந்துவிட்டது.

சிறுநீரகம் வாய் திறப்பது மாலையில். மாத்திரையின் வேகம் தணிந்து, வற்றல் சரியானதும், நீரைத் தடுத்துக்கொண்டிருந்த ஹார்மோன் சட்டென்று நின்றுவிடுகிறது. ஏழு மணிக்கு சிறுநீர்ப் பையில் தண்ணீர் போல வெளிறிய சிறுநீர், மணிக்கு 300 மில்லி. இப்படி ஒரு லிட்டர் போனால் சோடியம் தானாக 5க்கு மேல் ஏறும், அதற்கு எந்த ட்ரிப்ஸும் வேண்டாம். எட்டு மணி நேரத்தில் சோடியம் 119. அம்மா தெளிவாகப் பேசுகிறார்; எப்போது வீட்டுக்குப் போகலாம் என்கிறார். எல்லோருக்கும் நிம்மதி. அபாயம் இந்த நிம்மதியில்தான். மிச்சமிருப்பது 1, நேரம் இன்னும் பதினாறு மணி. இங்கே செய்ய வேண்டியது பலருக்கு மனம் ஒப்பாத காரியம். சலைனையும் சிரப்பையும் நிறுத்திவிட்டு டெஸ்மோபிரெசின் 2 மைக்ரோகிராம் ஊசி போட்டு சிறுநீரகத்தின் கதவை மூட வேண்டும்; 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மெல்ல ஏற்றி சோடியத்தை அங்கேயே பிடித்து நிறுத்த வேண்டும். மறுநாள் காலை 119லேயே இருந்தால் அதுதான் நல்ல சிகிச்சை.

படத்தின் பெரிய பலவீனம் இங்கே தெரிகிறது. படத்தில் கடிகாரம் இல்லை. ஏழு மணிக்கு நோயாளி வேறு ஒருவராகிவிட்டார், காலையில் பிடித்த கிளை இப்போது பொய். தாளில் அம்புகள் கீழ்நோக்கியே போகின்றன, திரும்பி வருவதில்லை. ஷிப்ட் மாறும்போது இந்தக் குறை கூர்மையாகிறது. காலையில் வந்தவர் 112இல் தொடங்கினார். இரவு வந்தவர் கண்ணில் படும் முதல் எண் 119. அங்கிருந்து அவர் தன் 8ஐ எண்ணத் தொடங்கினால், விடியும்போது 127 வந்தாலும் அவர் மனசாட்சிக்கு உறுத்தாது. சிவப்புக் கட்டத்தில் '8' என்று மட்டும் எழுதியது போதாது. எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணியிலிருந்து என்பது நோயாளியின் தாளில் எழுதியிருக்க வேண்டும்: '112, காலை 11 மணி. நாளை காலை 11 வரை 120ஐத் தாண்டக்கூடாது.' நான்கு மணிக்கொரு முறை சோடியம், மணிக்கொரு முறை சிறுநீரின் அளவு. மணிக்கு 100 மில்லியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் போன்.

எதிர்த்தரப்பில் சொல்ல இருப்பதையும் மறைக்கக்கூடாது. 2023இல் டொரன்டோ மருத்துவமனைகளின் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட அனுமதிகளை ஆராய்ந்தவர்கள், மயலின் சிதைவு 12 பேருக்கு மட்டுமே வந்தது என்றும், அவர்களில் பாதிக்கு மேல் வேகமாக ஏற்றப்படாதவர்கள் என்றும் கண்டார்கள். மிக மெதுவாக ஏற்றியவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்ததாகவும் அதே ஆண்டில் இன்னொரு ஆய்வு வந்தது. இவற்றைப் படித்துவிட்டு எல்லையே வேண்டாம் என்பவர்களோடு நான் சேர மாட்டேன். இவை பழைய பதிவேடுகளைப் பின்னோக்கிப் படித்தவை. மெதுவாக ஏறியவர்கள் முதலிலேயே கடுமையான நோயாளிகளாக இருந்திருக்கலாம். ஆனால் ஒன்றை ஏற்றுக்கொள்கிறேன். 'ஏற்றாதே' என்ற ஒற்றைச் சொல் சிலரைப் பயமுறுத்தி, வலிப்பு வந்தவருக்குக்கூட 3 சதவீத சலைன் தராமல் நிறுத்திவிடுகிறது. வலிப்பு வந்தவருக்கு முதல் சில மணி நேரத்திலேயே 4 முதல் 6 வரை ஏறியாக வேண்டும். மூளை வீக்கத்துக்கு அது போதும். சிவப்புக் கட்டத்தில் இரண்டு எண் வேண்டும்: எட்ட வேண்டியது, தாண்டக்கூடாதது. கல்லீரல் நோய், குடிப்பழக்கம், ஊட்டக்குறைவு, பொட்டாசியக் குறைவு, சோடியம் 105 அல்லது அதற்கும் கீழ் என்று எதுவும் இல்லாதவருக்கு இரண்டாவது எண் 10 வரை போகலாம். நம் அம்மாவுக்கு 8தான்.

ஐந்தாம் நாள் 133. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மட்டும். தயாசைடால் ஒருமுறை இப்படி விழுந்தவர், மறுபடி அதைத் தொட்டால் மறுபடி விழ வாய்ப்பு அதிகம். அந்தப் பழைய மாத்திரையின் அட்டை வீட்டில் இன்னும் பாதி மிச்சம் இருக்கும். அடுத்த முகாமில் வேறொருவர் அதையே எழுதக்கூடும். அதனால் அவர் பி.பி. நோட்டின் அட்டையில், உள்ளே அல்ல, பெரிய தமிழ் எழுத்தில் மருந்தின் பெயரை எழுதி 'கொடுக்கக்கூடாது' என்று கோடிட வேண்டும். மகளிடம் அட்டையைக் காட்டி ஒருமுறை படிக்கச் சொல்ல வேண்டும். படித்து முடித்ததும் அந்த அம்மா குறுக்கே கேட்பார்: "அப்ப கருவாடு துண்ணலாமா சார்?" தினமும் வேண்டாம், வாரம் இரண்டு நாள் ஒரு துண்டு, கஞ்சியோடு ஒரு முட்டை அல்லது நீங்கள் விற்கும் மீனிலேயே ஒன்று என்று சொல்லி, பத்து நாள் கழித்து சோடியம் பார்க்க வரச்சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும்.